163 சதுர அடி அறைக்கு 8 பெட்டி லேமினேட் பலகை போதுமா?

தக்கலை மாடிவீடு | 3 பிப்ரவரி 2025, இரவு 9.40

மாடியில் ஒரு படுக்கையறைக்கு லேமினேட் போடப் போகிறேன். அறை நீளம் 4350 மில்லிமீட்டர், அகலம் 3480. பலகை 1215 நீளம், 195 அகலம், 8 மில்லிமீட்டர் கனம். பெட்டிக்கு 8 பலகை. பெட்டி மேல் 20.4 சதுர அடி என்று அச்சடித்திருக்கிறது.

கடைக்காரர் கால்குலேட்டரில் 163-ஐ 20.4-ஆல் வகுத்தார். 7.99 வந்தது. "சரியா 8 பெட்டி, ஒரு பலகைகூட மிஞ்சாது" என்றார். எனக்கு அந்த "மிஞ்சாது" தான் உறுத்துகிறது. வெட்டும்போது துண்டு விழாதா? அந்தத் துண்டெல்லாம் எங்கே போகும்?

போட்டுப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுக்க வேண்டும்.

கோட்டாறு | 3 பிப்ரவரி, இரவு 10.15

பரப்பளவோடு 10 சதவீதம் சேருங்கள். அவ்வளவுதான் கணக்கு. 63.9 பலகை பரப்புக்கு, 10 சதவீதம் சேர்த்தால் 70.3. அதாவது 71 பலகை, 9 பெட்டி. நான் என் வீட்டு மூன்று அறைக்கும் இப்படித்தான் வாங்கினேன். குறைவு வரவில்லை.

தக்கலை மாடிவீடு | 3 பிப்ரவரி, இரவு 11.05

நன்றி அண்ணே. ஆனால் ஏன் 10? ஏன் 6 இல்லை, 15 இல்லை? என் அறைக்கு எவ்வளவு வீணாகும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

படுக்கும் முன் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். நாலு சுவரோடும் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று பெட்டியில் இருக்கிறது. அப்படியானால் பலகை போடும் நீளம் 4330, அகலம் 3460. அகலத்தை 195-ஆல் வகுத்தால் 17 முழு வரிசை, அப்புறம் 145 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வரிசை. மொத்தம் 18 வரிசை. ஒரு வரிசைக்கு 3 முழுப் பலகையும் 685 நீளத்தில் ஒரு துண்டும். ஆக வரிசைக்கு 4 பலகை, 18 வரிசைக்கு 72.

72 என்றால் 9 பெட்டி முழுசாகப் போய்விடும். ஒரு பலகை உடைந்தாலும் பத்தாவது பெட்டி வாங்க வேண்டும். இதைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

தக்கலை மாடிவீடு | 4 பிப்ரவரி, காலை 6.20

ராத்திரி எழுதியதைத் திருத்துகிறேன். 685 வெட்டினால் மிச்சம் 530 இருக்கிறதே, அதை அடுத்த வரிசையின் தொடக்கத்தில் வைக்கலாம். துண்டு ஒன்றுகூட வீணாகாமல் இப்படியே தொடர்ந்தால் 18 வரிசைக்கு 64.15 பலகை, அதாவது 65. கடைக்காரர் சொன்ன 64-க்கு ஒன்றுதான் அதிகம். அப்போது 8 பெட்டியும் ஒரு பலகையும். ஒரு பலகைக்காக ஒரு பெட்டி வாங்குவதா?

குளச்சல் பழையவீடு | 4 பிப்ரவரி, காலை 8.02

தம்பி, நானும் இதே கணக்கில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது தட்டில் இருந்த ஆஞ்சிலிப் பலகையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அதை இழைத்து 10 அடிக்கு 10 அடி அறையில் தரையாகப் போட வேண்டும். பலகை 100 மில்லிமீட்டர் அகலம். எத்தனை கன அடி தேவைப்படும் என்று யாராவது சொல்ல முடியுமா? பெட்டிக் கணக்கு எனக்கு ஒத்துவராது.

கோட்டாறு | 4 பிப்ரவரி, காலை 8.30

அக்கா, இது லேமினேட் இழை. நீங்கள் தனியாகக் கேட்டால் நல்லது.

மார்த்தாண்டம் ஆசாரி | 4 பிப்ரவரி, இரவு 7.50

தக்கலைத் தம்பிக்கு முதலில் பதில் சொல்கிறேன், அக்காவுக்கு அப்புறம்.

65 பலகையில் முடியாது. ஏன் என்று ரெண்டாவது வரிசையிலேயே தெரிந்துவிடும். 530 துண்டை வைத்துத் தொடங்குங்கள். அதன் பிறகு 3 முழுப் பலகை. 530-உம் 3645-உம் சேர்ந்து 4175. வரிசை முடிய இன்னும் 155 மில்லிமீட்டர் வேண்டும். ஒரு சாணுக்கும் குறைவான துண்டு சுவரோரம் நிற்காது. லாக் பிடிப்பு போதாமல் கால் படப்படக் கிளம்பி வந்துவிடும். வரிசையின் இரு முனையிலும் 300-க்குக் குறைந்த துண்டு வரக்கூடாது. அடுத்தடுத்த வரிசைகளின் மூட்டும் ஒன்றுக்கொன்று 300-ஆவது தள்ளி நிற்க வேண்டும். உங்கள் பெட்டியிலும் படம் போட்டு இதைத்தான் சொல்லியிருப்பான்.

ராத்திரி போட்ட 72-உம் தப்பு. அது ஒரு துண்டையும் திரும்ப எடுக்காத ஆளின் கணக்கு. உண்மையான எண்ணிக்கை ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நான் துபாயில் 11 வருஷம் இந்த வேலைதான் செய்தேன். அங்கே சூபர்வைசர் முதலில் கேட்பது சதுர மீட்டர் இல்லை, "கடைசித் துண்டு எவ்வளவு" என்பதுதான். உங்கள் அறைக்கு அது 685. அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் மிச்சக் கணக்கெல்லாம்.

நாளை வேலை முடிந்து வந்து வரிசை வரிசையாக எழுதுகிறேன்.

தக்கலை மாடிவீடு | 4 பிப்ரவரி, இரவு 8.10

பெட்டியைப் பார்த்தேன். அண்ணாச்சி சொன்ன மாதிரியே 300 என்று படம் இருக்கிறது. இதை நான் கவனிக்கவே இல்லை.

மார்த்தாண்டம் ஆசாரி | 5 பிப்ரவரி, இரவு 9.15

எழுதுவதற்கு முன்னால் ஒரு விஷயம். இது தெரியாமல்தான் பலபேர் துண்டை வீணாக்குகிறார்கள். பலகையின் ரெண்டு முனையும் ஒன்று இல்லை. ஒரு முனையில் நாக்கு, மறு முனையில் காடி. நீங்கள் இடமிருந்து வலமாகப் போடுகிறீர்கள் என்று வைப்போம். வரிசையின் கடைசிப் பலகையை வெட்டினால் மிஞ்சும் துண்டில் வலது முனை கம்பெனி முனையாக இருக்கும், இடது முனை வெட்டிய முனை. வெட்டிய முனை சுவரைப் பார்க்கத்தான் லாயக்கு. அதனால் அந்தத் துண்டு இன்னொரு வரிசையின் தொடக்கத்தில் மட்டும் பொருந்தும், முடிவில் பொருந்தாது. ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்ட துண்டு எங்கேயும் பொருந்தாது. அது அடுப்புக்குக்கூட ஆகாது, பிசின் நாற்றம் அடிக்கும்.

இப்போது உங்கள் அறை. மூன்று வரிசை ஒரு சுற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரிசை முழுப் பலகையில் தொடங்கும். 3 முழுசு, முடிவில் 685. புதுப் பலகை 4 செலவு. கையில் 530 தொடக்கத் துண்டு மிச்சம்.

ரெண்டாம் வரிசை: அந்த 530-ஐ அப்படியே வைத்தால் 155 சிக்கல் வரும். அதனால் 385-ஆகக் குறையுங்கள். பிறகு 3 முழுசு, முடிவில் 300. புதுப் பலகை 4. இதில் 145 வீண். ஆனால் 300 வெட்டிய பலகையில் 915 மிச்சம் வந்துவிட்டது, அதுதான் லாபம்.

மூன்றாம் வரிசை 915-ல் தொடங்கும். 2 முழுசு, முடிவில் 985. புதுப் பலகை 3 மட்டும். மிச்சம் 230, அது 300-க்குக் கீழே, தள்ளிவிட வேண்டியதுதான்.

நாலாம் வரிசை மறுபடி முழுப் பலகை.

மூன்று வரிசைக்கு 11 பலகை. 18 வரிசை என்பது 6 சுற்று. 66 பலகை. மூட்டும் பாருங்கள், முதல் வரிசையில் 1215-ல், ரெண்டாவதில் 385-லும் 1600-லும், மூன்றாவதில் 915-ல். எங்கேயும் 300-க்குக் கீழே வரவில்லை.

8 பெட்டி 64. கடைசி வரிசை போடும்போது 2 பலகை இல்லாமல் நிற்பீர்கள். 9 பெட்டி வாங்குங்கள், 6 மிஞ்சும்.

தக்கலை மாடிவீடு | 5 பிப்ரவரி, இரவு 10.30

ஒரு மணி நேரம் தாளில் வரைந்து பார்த்தேன். ஒவ்வொரு வரிசையும் 4330 வருகிறது. வீணாவது சுற்றுக்கு 145-உம் 230-உம், ஆக 375 மில்லிமீட்டர். 6 சுற்றுக்கும் சேர்த்து ரெண்டு பலகைக்குக் கொஞ்சம் குறைவு. அதோடு கடைசி வரிசையில் நீளவாக்கில் சீவி எடுக்கும் 50 மில்லிமீட்டர் பட்டை.

அந்த 50 பட்டையை நான் முதலில் கணக்கிலேயே எடுக்கவில்லை. 18-ஆவது வரிசை 145 அகலம்தான், ஆனாலும் அதற்கு முழு அகலப் பலகைதான் செலவாகிறது. பரப்பளவுக் கணக்கில் இது தெரியாது.

குலசேகரம் ரப்பர் | 6 பிப்ரவரி, காலை 7.10

எக்செல் வைத்திருப்பவர்களுக்கு: வரிசை எண்ணிக்கையும் கடைசித் துண்டும் ரெண்டு வரியில் வந்துவிடும்.

```
=ROUNDUP((3480-20)/195,0)
=MOD(4350-20,1215)
```

முதலாவது 18, ரெண்டாவது 685. இரண்டாவது விடை 300-க்குக் கீழே வந்தால் சிக்கலான அறை என்று புரிந்துகொள்ளலாம். என் அறைக்கு 60 வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன். அறை 2510-க்கு 2510, சதுரம். அதே பலகை. இதற்கு எத்தனை?

கோட்டாறு | 6 பிப்ரவரி, காலை 9.00

உங்களுக்கு 26.6 பலகை பரப்பு. 10 சதவீதம் சேர்த்தால் 29.3. 30 பலகை, 4 பெட்டி.

தக்கலைத் தம்பி அறைக்கும் நான் சொன்ன 9 பெட்டிதானே வந்தது? ஆசாரி இவ்வளவு கணக்கு போட்டும் அதே 9. அப்புறம் எதற்கு இந்தப் பாடு?

மார்த்தாண்டம் ஆசாரி | 6 பிப்ரவரி, இரவு 8.40

கோட்டாறு அண்ணன் சொன்ன 9 சரிதான். அந்த அறைக்குச் சரி. குலசேகரத்து அறைக்கு அதே வழி ஒரு பலகை குறைத்துச் சொல்கிறது.

போடும் நீளம் 2490. ரெண்டு முழுப் பலகை போட்டால் 60 மிஞ்சும், 60 மில்லிமீட்டர் துண்டு போட முடியாது. அதனால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு முழுப் பலகைதான். இரு முனைத் துண்டும் சேர்ந்து 1275 வர வேண்டும். ஒரு பலகையே 1215 தான், ஆக ஒரே பலகையில் ரெண்டு முனையையும் எடுக்க வழியில்லை. நான் 975, 600, 300 என்று தொடங்கிப் பார்த்தேன். முதல் வரிசைக்கு 3, அடுத்த ரெண்டுக்கும் 2, 2. மூன்று வரிசைக்கு 7 பலகை. 13 வரிசைக்கு 31.

பெட்டி 4 தான், 32 பலகை. ஆனால் கையில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. 10 சதவீதத்தை நம்பி 30 பலகை சில்லறையாக வாங்கியிருந்தால் நடுவில் நின்றுபோகும். சின்ன அறையில்தான் சதவீதம் கவிழ்க்கும், ஏனென்றால் வரிசை சின்னது, துண்டு விழுவது அதே அளவு.

கோட்டாறு | 6 பிப்ரவரி, இரவு 9.20

ஒத்துக்கொள்கிறேன், சின்ன அறைக்கு 15 போடலாம். ஆனால் பெரிய ஹாலுக்கு இவ்வளவு வரைய யாருக்கும் நேரம் இல்லை. அங்கே சதவீதம் போதும் என்பது என் கருத்து.

தக்கலை மாடிவீடு | 7 பிப்ரவரி, காலை 6.50

இன்று முன்பணம் கொடுக்கும் நாள். 9 பெட்டி என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. "பிரிக்காத பெட்டியை பத்து நாளுக்குள் திருப்பித் தரலாம்" என்றார், அதை ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்கினேன். ஒன்பது பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். அக்காள் வீட்டில் பின்னால் வாங்கிய ஒரு பெட்டி வெளிர்நிறமாக வந்து, கட்டிலுக்கு அடியில் போட்டு மறைத்தார்கள்.

வீட்டில் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. ஜன்னல் நீளச் சுவரில் இருக்கிறது. வெளிச்சம் வரும் திசையில்தான் பலகை ஓட வேண்டும், அப்போதுதான் மூட்டு தெரியாது என்கிறாள் என் மனைவி. அப்படித் திருப்பிப் போட்டால் எண்ணிக்கை மாறுமா? பரப்பு அதேதானே?

மார்த்தாண்டம் ஆசாரி | 7 பிப்ரவரி, இரவு 8.00

மாறும். திருப்பினால் போடும் நீளம் 3460, வரிசை அடுக்குவது 4330-ல். 4330-ஐ 195-ஆல் வகுத்தால் 22 வரிசை போய் 40 மில்லிமீட்டர் மிஞ்சும். 40 மில்லிமீட்டர் பட்டை வரிசையாக நிற்காது, 50-ஆவது வேண்டும். அப்போது முதல் வரிசையையும் சீவ வேண்டும். 195-உம் 40-உம் சேர்த்து ரெண்டாகப் பிரித்தால் முதல் வரிசையும் கடைசி வரிசையும் தலைக்கு 117, 118. ஆக 23 வரிசை.

நீளத்தில் ரெண்டு முழுசும் 1030-உம். ஒரு வரிசை அப்படி, 185 வீண். அடுத்த வரிசைக்கு ஒரு பலகையை எடுத்து 600 தொடக்கமாகவும் 430 முடிவாகவும் வெட்டுங்கள். பலகையின் வலது பக்கம் தொடக்கத்துக்கு, இடது பக்கம் முடிவுக்கு, நடுவில் 185 போகும். இதில் ரெண்டு முனையும் கம்பெனி முனையாகவே கிடைக்கும், பார்த்தீர்களா. எப்படிப் போட்டாலும் வரிசைக்கு 3. மொத்தம் 69.

அதே 9 பெட்டிக்குள் அடங்கும், ஆனால் மிஞ்சுவது 3 தான். அழகு எது என்று நான் சொல்ல மாட்டேன், அது வீட்டுக்காரி முடிவு. தங்கச்சி சொல்வதும் தப்பில்லை, சாயும் வெளிச்சத்தில் குறுக்கு மூட்டு கண்ணில் படும்.

தக்கலை மாடிவீடு | 7 பிப்ரவரி, இரவு 10.00

நீளவாக்கிலேயே போடுகிறோம். மனைவிக்கு முழுத் திருப்தி இல்லை. 3 பலகை மிஞ்சுவதை விட 6 மிஞ்சுவது நல்லது என்று ஒத்துக்கொண்டாள். கீழ் அறைக்குப் போடும்போது அவள் சொல்லும் திசைதான்.

ஒன்று கேட்க மறந்தேன். வாசல் நிலைக்கு நடுவரை பலகை போக வேண்டும். வாசல் 900 அகலம், நிலையின் பாதி வரை 115 ஆழம். அது வரிசைகள் முடியும் பக்கத்துச் சுவரில் இருக்கிறது.

மார்த்தாண்டம் ஆசாரி | 8 பிப்ரவரி, காலை 6.30

வாசலுக்கு நேரே வரும் ஐந்து வரிசையும் 115 கூடுதலாக நீளும். 685 என்பது 800 ஆகும், மிச்சம் 415 கிடைக்கும், 385 எடுக்க அது போதும். 300 என்பது 415 ஆகும், மிச்சம் 800. அதிலேயே அடுத்த வரிசையைத் தொடங்கினால் முடிவில் ஒரு முழுப் பலகை சரியாக உட்காரும். போட்டுப் பார்த்துவிட்டேன், 66 மாறவில்லை. வாசல் தொடங்கும் சுவரில் இருந்திருந்தால் வேறு கதை.

நிலையின் அடியை 9 மில்லிமீட்டர் அறுத்து அதன் கீழே பலகையை நுழையுங்கள். மரத்தோடு ஒட்டி முட்டவிடாதீர்கள், அங்கேயும் இடைவெளி வேண்டும்.

குளச்சல் பழையவீடு | 8 பிப்ரவரி, காலை 11.20

ஆசாரி அண்ணே, எனக்குப் பதில் சொல்கிறேன் என்றீர்கள்.

மார்த்தாண்டம் ஆசாரி | 8 பிப்ரவரி, இரவு 9.30

மறக்கவில்லை அக்கா. உங்கள் கேள்வி ஒதுக்க வேண்டியதில்லை, அதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது.

முதலில் கன அடியை விடுங்கள். அது மரம் வாங்கும் கணக்கு. உங்களிடம் மரம் இருக்கிறது, நீங்கள் பார்க்க வேண்டியது ஓட்ட அளவு. இழைத்த பிறகு எத்தனை மீட்டர் பலகை கையில் இருக்கிறது என்று எல்லாத் துண்டையும் அளந்து கூட்டுங்கள்.

ரெண்டாவது, 100 மில்லிமீட்டர் பலகையில் நாக்கு எடுத்தால் அந்த நாக்கு பக்கத்துப் பலகையின் காடிக்குள் போய்விடும். நாக்கு 8 மில்லிமீட்டர் என்றால் தரையில் தெரிவது 92 தான். தம்பியின் லேமினேட் பெட்டியில் 195 என்று போட்டிருப்பது நாக்கு நீங்கலாகத் தெரியும் முகம். உங்கள் பலகையின் 100 நாக்கோடு சேர்ந்தது. ரெண்டும் ஒரே மாதிரி அளவு இல்லை.

10 அடி என்றால் 3050 மில்லிமீட்டர், இடைவெளி போக 3030. 100 என்று வைத்தால் 31 வரிசை. 92 என்று வைத்தால் 33. ஒரு வரிசை 3.03 மீட்டர். ஆக 94 மீட்டர் போதும் என்று நினைப்பீர்கள், ஆனால் 100 மீட்டர் வேண்டும். வெட்டி விழும் துண்டு, பழைய ஆணி ஓட்டை, முனை வெடிப்பு எல்லாம் இதற்கு மேல்.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. பலகை எல்லாம் வேறு வேறு நீளம். மிச்சத்துக்கு ஏற்ற நீளத்தைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். தம்பிக்கு எல்லாம் 1215 தான், அவருக்கு அந்த வசதி கிடையாது.

குளச்சல் பழையவீடு | 9 பிப்ரவரி, மாலை 5.45

அளந்தேன். 96 மீட்டர் இருக்கிறது. நேற்றுவரை இது தாராளம் என்று நினைத்திருந்தேன். நாக்கு எடுக்காமல் பலகையை முட்ட வைத்து ஆணி அடித்தால் 100-உம் முழுசாகக் கிடைக்காதா?

குலசேகரம் ரப்பர் | 9 பிப்ரவரி, இரவு 7.00

கிடைக்கும் அக்கா, ஆனால் கோடையில் பலகைக்கு நடுவே இடுக்கு விழும். பத்மநாபபுரம் அரண்மனை மாடியில் மரத்தரை நன்றாகத்தானே இருக்கிறது என்று என் மாமா சொல்வார். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், உங்களுக்குப் பக்கம்தானே.

மார்த்தாண்டம் ஆசாரி | 9 பிப்ரவரி, இரவு 9.10

அரண்மனை மரம் வேறு, அதைக் காயவைத்த காலம் வேறு. ஆனால் அக்காவின் ஆஞ்சிலியும் பல வருஷம் கூரைக்கடியில் காய்ந்ததுதான், அதனால் முட்ட வைப்பதை முழுசாகத் தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. கட்டில் வரும் பக்கம் ரெண்டு வரிசைக்கு வேறு மரம் போடலாமா என்றும் யோசியுங்கள்.

தக்கலை மாடிவீடு | 22 பிப்ரவரி, இரவு 8.30

பெட்டிகள் வந்துவிட்டன. அதே அறையில், பிரிக்காமல், தரையில் படுக்கவைத்து ரெண்டு நாள் விட்டிருக்கிறேன். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குப் பலகை பழக வேண்டும் என்று பெட்டியிலும் எழுதியிருக்கிறது.

அதற்குள் அறையை இன்னொரு முறை அளந்தேன். இது முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. அகலம் ஒரு முனையில் 3472, நடுவில் 3480, மறு முனையில் 3490. பூச்சு அப்படி. நான் நடுவில் மட்டும் அளந்துவிட்டு உங்களிடம் கேட்டிருக்கிறேன். போட்டுப் பார்த்தேன், கடைசி வரிசை ஒரு முனையில் 137, மறு முனையில் 155. வரிசை எண்ணிக்கை 18 தான், தப்பித்தேன். மிச்சம் 145 என்று இல்லாமல் 190 என்று வந்திருந்தால் அகலமான முனையில் இன்னொரு வரிசையே தேவைப்பட்டிருக்கும். அளப்பவர்கள் மூன்று இடத்தில் அளந்து பெரியதை எடுங்கள்.

கோட்டாறு | 22 பிப்ரவரி, இரவு 9.00

வாளின் வாய் தடிமனும் இருக்கிறதே? ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மில்லிமீட்டர் போகும்.

மார்த்தாண்டம் ஆசாரி | 22 பிப்ரவரி, இரவு 9.25

நல்ல கேள்வி. 300 வெட்டினால் மிச்சம் 915 இல்லை, 912 தான். அப்போது முடிவுத் துண்டை 988 என்று வெட்டிக்கொள்ள வேண்டும். எண்ணிக்கையை அது தொடாது. துண்டு அளவு 300-ஐ ஒட்டி நிற்கும் அறையில் மட்டும் கவனம் வேண்டும். அதனால்தான் தாளில் உள்ள அளவை வைத்து எல்லாப் பலகையையும் முன்கூட்டியே வெட்டிவைக்காதீர்கள் என்பேன். ஒவ்வொரு வரிசையையும் அதன் இடத்தில் அளந்துதான் கடைசித் துண்டை வெட்ட வேண்டும்.

தக்கலை மாடிவீடு | 26 பிப்ரவரி, இரவு 10.10

முடிந்தது. ரெண்டு நாள் வேலை. 67 பலகை செலவு. தாளில் போட்ட 66, அதோடு உதவியாளர் பையன் கட்டை வைக்காமல் நேராகச் சுத்தியலால் தட்டியதில் ஒரு பலகையின் நாக்கு உடைந்தது. 5 மிஞ்சியிருக்கிறது.

வேலைக்கு வந்தவர் முதல் வரிசை முடிந்ததும் 530 துண்டைத் தூக்கி எறியப் போனார். எப்போதும் ரெண்டு வரிசை மாற்றி மாற்றித்தான் போடுவாராம், ஒன்று முழுப் பலகை, ஒன்று பாதிப் பலகை. நான் தாளைக் காட்டினேன். மூன்றாவது வரிசையில் 915 துண்டு வந்து உட்கார்ந்து, புதுப் பலகை மூன்றே மூன்று செலவானபோது தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். துண்டுகளின் பின்பக்கம் பென்சிலில் "தொடக்கம்" என்று எழுதி வைத்ததும் உதவியாக இருந்தது. குழப்பம் ஒரு இடத்தில்கூட வரவில்லை.

நான் 8 பெட்டியோடு தொடங்கியிருந்தால் 18-ஆவது வரிசையில் 3 பலகைக்கு நின்றிருப்பேன்.

குலசேகரம் ரப்பர் | 27 பிப்ரவரி, காலை 7.30

வாழ்த்துகள் அண்ணே. நான் 4 பெட்டி வாங்கிவிட்டேன். 31-க்கு 32. மிஞ்சுவது ஒன்றுதான் என்று பயம் இருக்கிறது, அஞ்சாவது பெட்டிக்கு வீட்டில் அனுமதி இல்லை. உடையாமல் பார்த்துக்கொள்கிறேன்.

தக்கலை மாடிவீடு | 9 ஜூலை 2025, மாலை 6.15

மழை பிடித்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு செய்தி சொல்ல வந்தேன்.

போன வாரம் வாசலருகில் இரண்டு வரிசை லேசாக மேலே எழும்பியது. மிதித்தால் அழுங்கி, காலை எடுத்தால் கிளம்பியது. ஸ்கர்டிங்கைக் கழற்றிப் பார்த்தால் சுவரோரம் எல்லாம் 10 மில்லிமீட்டர் சரியாக இருக்கிறது. நிலையின் அடியில்தான் பலகை மரத்தோடு முட்டி நிற்கிறது. அறுத்த இடத்துக்குள் பலகையைக் கடைசிவரை தள்ளிவிட்டார்கள். ஈரக் காற்றில் பலகை விரிந்து, போக இடமில்லாமல் மேலே வந்திருக்கிறது. ஆசாரி அண்ணாச்சி பிப்ரவரியிலேயே எச்சரித்தார். அன்று நான் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்ததில் அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

மல்டி கட்டர் வைத்து நிலையடியில் பலகையின் முனையைச் சீவினார்கள். ரெண்டு நாளில் தரை தானாகப் படிந்துவிட்டது. அதில் ஒரு பலகையின் முனை பிசிறியதால் அந்த வாசல் துண்டை மாற்றினோம். இப்போது மிச்சம் 4.

குளச்சல் பழையவீடு | 9 ஜூலை, இரவு 8.40

எங்கள் வீட்டில் இன்னும் தரை போடவில்லை தம்பி. ஆசாரி வந்து பார்த்துவிட்டு நாக்கு எடுத்துத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மழை முடிந்த பிறகு வேலை. 4 மீட்டர் குறைகிறது, வெட்டுத்துண்டையும் சேர்த்தால் 8 மீட்டர் வரும். பழைய ஆஞ்சிலிப் பலகை, ஒன்றே கால் அங்குல கனம், யாரிடமாவது வீடு பிரித்தது இருந்தால் சொல்லுங்கள். நீளம் எவ்வளவாக இருந்தாலும் சரி.